ஆங்கிலத்தில் இருக்கிறேன், தமிழில் எங்கே?

அச்சகத்திலிருந்து மாதிரிப் படி புலனத்தில் வந்தபோது நான் காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு, நிலையத்தின் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு படங்கள். ஒன்று தமிழ் அழைப்பிதழ், மற்றொன்று அதன் ஆங்கில வடிவம். தம்பியின் கல்யாணம். தமிழில் எழுதியது பெரியப்பா. ஆங்கிலத்தில் எழுதியது நான். எழுத்துப்பிழை ஏதும் கண்ணில் படவில்லை. அம்மாவிடம் ஒருமுறை காட்டிவிட்டு ‘அச்சிடுங்கள்’ என்று பதில் போட்டுவிடலாம் என்று வீட்டுக்குப் போனேன்.

அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் தமிழைப் படித்தார். பிறகு ஆங்கிலத்தை ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துப் படித்தார். மறுபடியும் தமிழுக்குப் போனார்.

“ஆங்கிலத்துல நான் இருக்கேன். தமிழ்ல எங்கடி?” என்றார்.

கோபமில்லை, குறையில்லை. காணாமல் போன சாவியைத் தேடும்போது கேட்கிற மாதிரிதான் கேட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தமிழில் பெரியப்பாவும் பெரியம்மாவும் அழைக்கிறார்கள். ‘எனது இளைய சகோதரர் அமரர்’ என்று அப்பாவின் பெயர் வருகிறது. ‘அவர்களின் புதல்வன்’ என்று தம்பியின் பெயர் வருகிறது. அம்மாவின் பெயர் கடைசியில், ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்ற வரிக்குக் கீழே, பதினேழு உறவினர்களின் நடுவே இருந்தது.

ஆங்கிலத்தில் எழுதும்போது நான் எதையும் யோசித்துச் செய்யவில்லை. இன்னாருடைய மகன் என்று எழுதினால் அப்பா பெயரும் அம்மா பெயரும் சேர்ந்தே வருவது அந்த மொழிப் பத்திரிகையின் வழக்கம். கை அதன் போக்கில் எழுதிவிட்டது. மொழிபெயர்க்கிறேன் என்று நினைத்து, மூலத்தில் இல்லாத ஒருவரைச் சேர்த்திருக்கிறேன். மூலத்தில் அவர் விடுபட்டிருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

‘அச்சிடுங்கள்’ என்ற பதிலை அன்று அனுப்பவில்லை. அடுத்த பத்து நாள்கள் அந்த ஒரு தாளோடுதான் போயின.

மூன்று குவியல்

எங்களுக்குத் தேவைப்பட்டவை 400 தமிழ் அழைப்பிதழ்களும் 120 ஆங்கில அழைப்பிதழ்களும். அந்த 120 பேரில் பெரும்பாலோர் தம்பியின் அலுவலகத்தினர், மணமகளின் பல்கலைக்கழகத் தோழிகள், எங்கள் குடியிருப்பின் சீன, மலாய் அண்டை வீட்டார். சிலர் தமிழர்கள்தான், தமிழ்ப் பள்ளிக்குப் போகாததால் தமிழ் படிக்க வராதவர்கள்.

என் முதல் வடிவத்தில் வரிக்கு வரி மொழிபெயர்த்திருந்தேன். அதை மணமகளின் சீனத் தோழி ஒருத்திக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டோம். மறுநாள் அவள் மணமகளைத் தனியாக அழைத்து, “உனக்கு இந்தக் கல்யாணத்தில் சம்மதம்தானே?” என்று கேட்டிருக்கிறாள். காரணம், ‘பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டு’ என்ற வரி. ஆங்கிலத்தில் ‘அரேஞ்ட் பை எல்டர்ஸ்’ என்று போட்டிருந்தேன். தம்பியும் அவளும் பல்கலைக்கழகத்தில் சந்தித்து ஆறு ஆண்டுகள் பழகியவர்கள் என்பது அந்தத் தோழிக்கு நன்றாகவே தெரியும். கடைசி நேரத்தில் வீட்டார் புகுந்து எதையோ மாற்றிவிட்டார்கள் என்று பயந்துபோனாள்.

தமிழில் அந்த வரி யார் ஜோடி சேர்த்தார்கள் என்று சொல்வதற்காக இல்லை. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, தட்டு மாற்றி, ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று ஊருக்கு அறிவிக்கிறது. காதல் கல்யாணத்துக்கும் அதே வரிதான். இதை உணர்ந்த பிறகு வரிக்கு வரி மொழிபெயர்ப்பதை விட்டேன். அழைப்பிதழில் இருக்கும் சொற்களை மூன்று குவியலாகப் பிரித்தேன்.

முதல் குவியல், விருந்தினர் நம்பிச் செயல்படும் தகவல்: நாள், நேரம், இடம், பெயர்கள். இதில் ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. இரண்டாவது, மரியாதைச் சொற்கள். இவற்றின் கருத்தைத்தான் கொண்டுபோக வேண்டும். சொல்லைச் சுமந்தால் அனர்த்தம் ஆகும். மூன்றாவது, உறவுமுறைகள். இவற்றுக்குப் பல சமயம் ஆங்கிலத்தில் சொல்லே கிடையாது; விளக்கித்தான் ஆகவேண்டும்.

ஒன்பதுக்கு மேல், பத்தரைக்குள்

முதல் குவியல் சுலபம் என்று நினைத்திருந்தேன். ‘நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம் ஆவணி மாதம்’ என்று தொடங்கி, திதி, நட்சத்திரம், யோகம் எல்லாம் சொல்லி, ‘காலை மணி 9.00க்கு மேல் 10.30க்குள்’ என்று முடிகிறது தமிழ் வாசகம். விசுவாவசு என்பது அறுபது ஆண்டுச் சுழற்சியில் 39ஆவது. 2025 ஏப்ரல் 14 அன்று பிறந்தது. இதை ஆங்கிலத்தில் எழுதினால் படிப்பவருக்கு எந்தப் பயனும் இல்லை. ஆங்கிலத் தேதியையும் கிழமையையும் மட்டும் வைத்துக்கொண்டேன்.

சிக்கல் நேரத்தில் இருந்தது. 9.00 முதல் 10.30 வரை என்று எழுதினேன். தம்பியின் மேலாளர், “கூட்டம் ஒன்று இருக்கிறது, பத்தேகாலுக்கு வந்தால் போதுமா?” என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. ஆங்கிலத்தில் அப்படி எழுதினால், ஒன்பது மணிக்குத் தொடங்கி பத்தரைக்கு முடியும் நிகழ்ச்சி என்றுதான் பொருள். நமக்கோ அது நிகழ்ச்சியின் நீளமே அல்ல. அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு நிமிடத்தில் தாலி ஏறவேண்டும் என்பதற்கான எல்லை. சடங்குகள் அதற்கு முன்பே தொடங்கிவிடும். அதற்குப் பிறகும் அம்மி மிதித்தல், மெட்டி அணிவித்தல், ஆசீர்வாதம் எல்லாம் நடக்கும்.

கோவில் குருக்களிடம் கேட்டோம். “ஒன்பதரையை ஒட்டித் திருப்பூட்டு நடக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்” என்றார். அதை வைத்து ஆங்கிலத்தில் மூன்று வரிகள் எழுதினேன். விருந்தினர் காலை 8.30க்குள் வந்து அமரலாம். தாலி கட்டும் நேரம் சுமார் 9.30, இது குறித்த நேரத்தில் நடக்கும், யாருக்காகவும் தள்ளிப்போகாது. 11.00 மணியிலிருந்து சைவ மதிய உணவு. ‘சைவ’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததால், சாப்பாட்டைப் பற்றிக் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்த மலாய் நண்பர்களின் சங்கடமும் தீர்ந்தது.

பெயர்களைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிவிடக்கூடாது என்பதையும் இங்கேதான் கற்றேன். நம் நாட்டில் லட்சுமி என்ற பெயரை அடையாள அட்டையில் எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். சம்பந்தி அம்மாவின் பெயரில் ‘டி’ வரும், ‘சி’ வரும், ‘எச்’ வரும், கடைசியில் ‘ஒய்’ வரும். நான் இவற்றையெல்லாம் திருத்தி ‘சரியாக’ எழுதியிருந்தேன். “அது யார் பேருங்க?” என்று சிரித்தார் சம்பந்தி. அதன்பிறகு ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டையில் உள்ளபடி எழுதி வாங்கிக்கொண்டேன்.

செல்வன் என்பது யார்?

தமிழ் அழைப்பிதழில் தம்பி ‘திருநிறைசெல்வன்’, மணமகள் ‘திருவளர்செல்வி’. ஏன் ஒருவருக்கு ‘நிறை’, ஒருவருக்கு ‘வளர்’ என்று பெரியப்பாவிடம் கேட்டேன். வீட்டில் இன்னும் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் இருந்தால் ‘வளர்’, அதுவே கடைசிக் கல்யாணம் என்றால் ‘நிறை’ என்று வழிவழியாகச் சொல்வார்களாம். தம்பி எங்கள் வீட்டின் கடைசிப் பிள்ளை. மணமகளுக்கு ஒரு தங்கை இருக்கிறாள். இந்த வழக்கம் தெரிந்தவர், அட்டையைப் பார்த்தவுடனே அந்த வீட்டில் இன்னொரு பெண் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வார்.

பெரியப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அச்சகத்தார் ‘திருவளர்ச்செல்வி’ என்று ‘ச்’ போட்டிருந்ததை அடித்துவிட்டார். வளர்செல்வி, நிறைசெல்வன் இரண்டும் வினைத்தொகை. அங்கே வல்லினம் மிகாது. ஊரில் பாதி அழைப்பிதழ்களில் இந்தத் தப்பு இருக்கிறது என்றார்.

ஆங்கிலத்தில் இந்த அடைமொழிகளை ஒலிபெயர்த்து வைத்தால் என்ன ஆகும் என்பதை ஏற்கெனவே ஓர் உறவினர் கல்யாணத்தில் பார்த்திருக்கிறோம். அலுவலகத்தார் வாங்கிய பரிசின் மேல் ‘திரு, திருமதி செல்வன்’ என்று எழுதியிருந்தார்கள். மாப்பிள்ளையின் பெயர் அதுவல்ல. சிரஞ்சீவி, சௌபாக்கியவதி என்று போட்டாலும் இதே கதைதான். நீடூழி வாழ்க, மங்கலமாக வாழ்க என்ற வாழ்த்து, ஒருவருடைய பெயராகிவிடும். அதனால் ஆங்கிலத்தில் வெறும் பெயரை மட்டும் வைத்தோம்.

‘சுற்றமும் நட்பும் சூழ’ என்பதிலும் கவனம் தேவைப்பட்டது. நமக்கு அது உபசாரம். ‘குடும்பத்தோடும் நண்பர்களோடும் வாருங்கள்’ என்று ஆங்கிலத்தில் அப்படியே எழுதினால் அது அனுமதி ஆகிவிடும். அதே உறவினர் கல்யாண விருந்துக்கு ஓர் அலுவலக நண்பர் தன் நண்பர்கள் ஏழு பேரை அழைத்து வந்துவிட்டார். மேசைக்குப் பத்துப் பேர் என்று கணக்குப் போட்டு வைத்த விருந்து அது. நாங்கள் ‘நீங்களும் உங்கள் குடும்பத்தாரும் எங்களோடு இருந்தால் மகிழ்வோம்’ என்று எழுதி, எத்தனை பேர் வருகிறீர்கள் என்று தெரிவிக்க ஒரு தொலைபேசி எண்ணும் கொடுத்தோம்.

பதினொரு பேரில் ஏழாவது

மூன்றாவது குவியலில்தான் மனிதர்கள் இருந்தார்கள்.

தமிழ் அழைப்பிதழில் ‘தாய்மாமன்’ என்று தனியாக ஒரு வரி. அதன் கீழே அம்மாவின் அண்ணன் பெயர் மட்டும். அடுத்து பெரியப்பாமார், சித்தப்பாமார், அத்தைமார் என்று வரிசை. நான் ஆங்கிலத்தில் இடம் போதவில்லை என்று ‘அங்கிள்ஸ்’ எனத் தலைப்புப் போட்டு, எல்லாரையும் அகர வரிசையில் அடுக்கிவிட்டேன். பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தையின் கணவர் எல்லாரும் அதில் அடக்கம்.

மாமா ஈப்போவில் லாரி ஓட்டியவர். அப்பா இறந்தபோது தம்பிக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் பள்ளிக் கட்டணத்துக்கும் பேருந்துக்கும் பணத்தை அம்மாவின் கையில் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். படத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் சிரித்தபடியே சொன்னார்: “பதினொரு பேர்ல நான் ஏழாவது ஆளும்மா. பரவால்ல, கார்டு அழகா இருக்கு.”

அந்தப் ‘பரவால்ல’ என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் வீட்டு வழக்கத்தில் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வருவது தாய்மாமன். அவர் கை கொடுக்காமல் மாப்பிள்ளை மேடை ஏறுவதில்லை. ஆங்கிலத்தில் தனிச் சொல் இல்லை என்பதற்காக அவருடைய இடத்தையும் சேர்த்து அழித்திருந்தேன்.

‘அங்கிள்ஸ்’ பட்டியலை முழுவதும் எடுத்துவிட்டேன். வெளி விருந்தினருக்குப் பதினொரு பெயர் தேவையில்லை. தமிழ் அழைப்பிதழில் அவை இருக்கின்றன. அதற்குப் பதிலாக, ‘மேடையில் நீங்கள் பார்க்கப்போகிறவர்கள்’ என்ற பொருளில் நான்கு வரிகள் சேர்த்தேன். தாய்மாமன் என்ற சொல்லை அப்படியே வைத்து, பக்கத்தில்: மணமகனின் அம்மாவுடைய அண்ணன், மணமகனை மணவறைக்கு அழைத்து வருபவர். மாப்பிள்ளைத் தோழன்: மணமகளின் சகோதரர். இதை ‘பெஸ்ட் மேன்’ என்று எழுத இருந்தேன். அது மாப்பிள்ளையின் நண்பர் என்று பொருள் தரும். எங்கள் வழக்கத்தில் அவர் எதிர்வீட்டு ஆள், இனி மாப்பிள்ளைக்கு மைத்துனர். நாத்தனார்: மணமகனின் அக்கா, அதாவது நான், முதல் முடிச்சைத் தம்பி போட்டதும் மீதி இரண்டு முடிச்சுகளைப் போடுபவர். நான்காவது வரியில் இருவரின் பெற்றோர்.

நான்காவது வரியை எழுதியபோது மறுபடியும் அம்மாவின் கேள்வியில் வந்து நின்றேன்.

பெரியப்பா வீட்டுக் கூடத்தில்

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவரிடம் எப்படிப் பேசுவது என்று வழியெல்லாம் யோசனை. அப்பாவுக்குப் பிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டது அனைத்துக்கும் முன்னால் நின்றவர் அவர். அழைப்பிதழில் அவர் அழைப்பதுதான் முறை. அதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. கணவரை இழந்தவர் பெயரை மங்கலப் பத்திரிகையின் முகப்பில் போடாமல் கீழே கொண்டுபோவது அவர் கண்டுபிடித்ததும் அல்ல. பல வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். யாரும் பேசி முடிவெடுப்பதில்லை. பழைய அழைப்பிதழைப் பார்த்துப் புதியதை எழுதுகிறார்கள்.

நான் வாதாடவில்லை. வானொலியில் எந்தச் செய்தியையும் ஒலிபரப்புக்கு முன் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது என் பழக்கம். “இரண்டையும் படிக்கிறேன் பெரியப்பா, பிழை இருந்தால் சொல்லுங்கள்” என்று தமிழை முதலில் படித்தேன். பிறகு ஆங்கிலத்தைப் படித்தேன். அம்மா பெயர் வந்த இடத்தில் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ரெண்டும் ஒன்னா இல்லையே” என்றார்.

“ஆமாம் பெரியப்பா. எதை மாற்றுவது என்று கேட்கத்தான் வந்தேன்.”

“அது வழக்கம்மா. தப்பா நினைச்சு எழுதல.”

அப்போது பெரியம்மா சமையலறையிலிருந்து வந்தார். அவர் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. “சீனப் புள்ளைங்களுக்கு அவ பேரு தெரியணும். நம்ம சனத்துக்குத் தெரிய வேணாமா?” என்று கேட்டுவிட்டுத் தேநீரை வைத்தார்.

பெரியப்பா கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனா கேட்டார். ‘எனது இளைய சகோதரர் அமரர்’ என்று அப்பா பெயர் முடிந்த இடத்தில் ஒரு சிறு கோடு இழுத்து, ‘திருமதி’ என்று எழுதி, அம்மாவின் பெயரைச் சேர்த்தார். ‘அவர்களின் புதல்வன்’ என்பதை ‘ஆகியோரின் இளைய புதல்வன்’ என்று திருத்தினார். கீழே இருந்த பதினேழு பேர் பட்டியலில் அம்மாவின் பெயரை அவரே அடித்தார். “ஒரு ஆளு ரெண்டு இடத்துல இருக்கக்கூடாது” என்றார், பழைய வாத்தியார் குரலில்.

அந்தப் பட்டியலின் தலைப்பையும் அன்று பேசினோம். ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்பதற்குப் பல அழைப்பிதழ்களில் ‘வித் பெஸ்ட் காம்ப்ளிமெண்ட்ஸ்’ என்று ஆங்கிலம் போட்டிருப்பார்கள். நானும் அதைத்தான் போட்டிருந்தேன். அது ஆண்டு மலரில் கடைக்காரர் கொடுக்கும் விளம்பரத்தின் வாசகம். பட்டியலே ஆங்கிலத்தில் இல்லாமல் போனதால் அந்த வரியும் போய்விட்டது.

கடைசிச் சோதனை

அச்சுக்கு அனுப்புமுன் ஆங்கில அழைப்பிதழை எங்கள் குடும்பத்தைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்தேன். நிலையத்தில் ஒலிப்பதிவுப் பிரிவில் வேலை செய்யும் மலாய் நண்பர். அவரிடம் நான்கே கேள்விகள். யாருக்கும் யாருக்கும் கல்யாணம்? எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புவீர்கள்? யார் யாரை அழைத்து வருவீர்கள்? அங்கே போனதும் யாருக்கு முதலில் வாழ்த்துச் சொல்வீர்கள்?

முதல் மூன்றுக்கும் தயங்காமல் சரியாகச் சொன்னார். நான்காவதற்கு அட்டையை மறுபடி பார்த்துவிட்டு, “மாப்பிள்ளையின் அம்மாவுக்கு. அவருடைய கணவர் இல்லை என்று போட்டிருக்கிறதே” என்றார். அன்று மாலையே அச்சகத்துக்குப் பதில் அனுப்பினேன்.

கல்யாணத்தன்று தாலித் தட்டு ஆசி வாங்கக் கூட்டத்துக்குள் சுற்றி வந்தபோது, அம்மா வழக்கம்போல் தூண் பக்கம் ஒதுங்கிப் போனார். அட்டையில் பெயர் ஏறியதால் பல வருடப் பழக்கம் மாறிவிடவில்லை. மணவறையில் நின்றபடி நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இடத்தைவிட்டு நகர முடியவில்லை. மாமாதான் தட்டு ஏந்தியவரை நிறுத்தி, தூண் பக்கம் திருப்பிவிட்டார். அம்மா தொட்டுக் கும்பிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் தம்பியின் அலுவலகத்திலிருந்து வந்த மலாய்ப் பெண்மணி ஒருவர், கையில் அட்டையோடு அம்மாவைத் தேடி வந்தார். ‘புவான்’ என்று சொல்லி, அட்டையில் இருந்த பெயரைச் சிரமப்பட்டு முழுதாக உச்சரித்து, இரண்டு கைகளாலும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த மேசையில் மாமாவைச் சுற்றி மூன்று சீன இளைஞர்கள் நின்று, “தாய்மாமன், தாய்மாமன்” என்று கூப்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா இரண்டு அழைப்பிதழ்களையும் சாமி அறையில் அப்பா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். தமிழ் அட்டை மேலே இருக்கிறது.